இட்லி ஏன் சரியாக வரவில்லை: ஒரு ஈட்டுக்கு ஒரு மாற்றம்

மதுரையில் அம்மா கணக்கு நாலுக்கு ஒன்று. ராத்திரி ஒன்பது மணிக்குக் கரைத்து வைத்தால் காலை ஆறு மணிக்கு மாவு தூக்கின் மூடியைத் தள்ளிக்கொண்டு நிற்கும். அதே அரிசி, அதே உளுந்து, அதே கிரைண்டரோடு ஒரு டிசம்பரில் பெங்களூருக்கு வீடு மாறினேன். முதல் முறை கரைத்து வைத்த மாவு காலையில் வைத்தது வைத்தபடி இருந்தது. இட்லி ஊற்றினேன், தோசைக்கல்லில் ஊற்றியிருக்கலாம்.

அடுத்த முறை எல்லாரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். உளுந்தைக் கால் பங்கு கூட்டினேன், ஒரு கைப்பிடி அவல் போட்டேன், வெந்தயத்தை இரட்டிப்பாக்கினேன், பாத்திரத்தை ஓவனுக்குள் விளக்கைப் போட்டு வைத்தேன். இட்லி உப்பியது. ஆனால் துணியோடு ஒட்டிக்கொண்டு பாதிதான் தட்டுக்கு வந்தது. எது உப்ப வைத்தது, எது ஒட்ட வைத்தது? நான்கையும் சேர்த்து மாற்றியதால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அம்மாவிடம் போனில் சொன்னபோது, "வெந்தயம் கூடிப்போச்சுடா" என்றார். அது தப்பு என்று பிறகு தெரிந்தது. எப்படித் தெரிந்தது என்பதைத்தான் இங்கே அறிகுறி வாரியாக எழுதுகிறேன்.

முதலில் ஒரு அடிப்படை ஈடு

எதை மாற்றினாலும் அதை எதோடு ஒப்பிடுவது என்று ஒன்று வேண்டும். டம்ளர் கணக்கை விட்டுவிட்டுச் சமையல் தராசில் நிறுத்து, நோட்டில் எழுதிவிட்டு ஒரு முறை அரையுங்கள். என் நோட்டின் முதல் பக்கம் இது: இட்லி அரிசி 800 கிராம், தோல் நீக்கிய முழு உளுந்து 200 கிராம், உளுந்தோடு சேர்த்து ஊறப்போட்ட வெந்தயம் ஒரு டீஸ்பூன். இரண்டும் தனித்தனியே ஐந்து மணி நேரம் ஊறல். கிரைண்டரில் உளுந்து முப்பது நிமிடம், தெளித்த தண்ணீர் 400 மில்லி. அரிசி ரவைப் பதம், தண்ணீர் 450 மில்லி. கல்லுப்பு 25 கிராம். வழித்தெடுத்தபோது உளுந்து மாவு ஏறத்தாழ 800 கிராம், அரிசி மாவு 1500 கிராம். இந்தக் கடைசி இரண்டு எண்களை யாரும் எழுதி வைப்பதில்லை. பின்னால் இவைதான் கை கொடுக்கும்.

கரைத்த மாவில் கொஞ்சத்தை ஒரு நேரான கண்ணாடி பாட்டிலில் ஊற்றி, மட்டத்தில் ஒரு ரப்பர் பேண்டு போட்டுப் பெரிய பாத்திரத்தின் பக்கத்திலேயே வையுங்கள். அகன்ற பாத்திரத்தில் "கொஞ்சம் பொங்கின மாதிரி இருக்கு" என்றுதான் சொல்ல முடியும். பாட்டிலில் ஸ்கேலை வைத்து அளந்துவிடலாம்.

இன்னொன்று: இட்லிக்கு ஒரு சோதனை என்றால் ஒரு நாள் போய்விடும். ஊறல், அரைப்பு, புளிப்பு எல்லாம் சேர்த்துப் பதினைந்து மணி நேரத்துக்கு மேல். அதனால் எதை முதலில் மாற்றுவது என்பதில் ஒரு கஞ்சத்தனம் வேண்டும். கடைசி வேலையிலிருந்து பின்னோக்கிப் போங்கள். வேகவைப்பதில் உள்ள கோளாறை அதே மாவில், அதே காலையில், நாலு ஈட்டில் சோதித்துவிடலாம். தண்ணீரையும் புளிப்பையும் ஒரே அரைப்பைப் பிரித்து வைத்துச் சோதிக்கலாம். ஊறலுக்கும் அரைப்புக்கும்தான் ஒவ்வொரு தடவையும் புதிதாக அரைக்க வேண்டும். எல்லாரும் முதலில் கை வைப்பது அங்கேதான்.

அறிகுறி: மாவு பொங்கியிருக்கிறது, இட்லி ஒட்டுகிறது, நடுவில் ஈரம்

மாவைத் தொடாதீர்கள். இந்தக் காலையிலேயே முடிகிற வேலை இது.

முதலில் நேரம். ஒரே மாவு, ஒரே கரண்டி அளவு, ஈட்டுக்கு ஈடு நிமிடம் மட்டும் மாற வேண்டும். நான் 8, 10, 12, 15 என்று வைத்தேன். இதில் இரண்டு இடத்தில் ஏமாறலாம். முதல் ஈடு வைக்கும்போது இட்லிப் பானையும் மூடியும் ஆறிக் கிடக்கும், தண்ணீர் அப்போதுதான் சூடேறிக்கொண்டிருக்கும். அந்த 8 நிமிடமும் அடுத்த ஈட்டின் 8 நிமிடமும் ஒன்றல்ல. தண்ணீர் தளதளவென்று கொதித்து ஆவி வந்தபின் தட்டை இறக்கி, அங்கிருந்து கடிகாரத்தைப் பாருங்கள். முதல் ஈட்டைக் கணக்கில் சேர்க்காமல் சாப்பிட்டுவிடுவது இன்னும் நல்லது. இரண்டாவது, நாலாவது ஈடு வைக்கும்போது மாவு அரை மணி நேரத்துக்கு மேல் வெளியே நின்று, கரண்டி பட்டுப் பட்டு காற்று இறங்கியிருக்கும். கடைசி ஈடு சப்பையாக வந்தால் அது 15 நிமிடத்தின் குற்றமா, இறங்கிப்போன மாவின் குற்றமா? இதற்கு நான் செய்தது: நாலும் முடிந்தபின் ஐந்தாவதாக மறுபடி ஒரு 8 நிமிட ஈடு. அது முதல் 8 நிமிட ஈடு மாதிரியே வந்தால் மாவு மாறவில்லை, நடுவில் பார்த்த வித்தியாசம் எல்லாம் நேரத்தினுடையது.

தட்டையும் கவனியுங்கள். அடித்தட்டில் கொதிக்கிற தண்ணீர் தெறிக்கும், மேல்தட்டில் மூடியிலிருந்து வியர்வை சொட்டும். ஒப்பிடுவதானால் நடுத்தட்டை நடுத்தட்டோடு ஒப்பிடுங்கள்.

என் நோட்டில் இருந்தது இப்படி. 8 நிமிடம்: ஈர விரலால் தொட்டால் மாவு விரலில் வருகிறது, பிட்டால் நடுவில் பளபளப்பு. 10 நிமிடம்: விரலில் ஒட்டவில்லை, துணியில் ஒட்டுகிறது. 12 நிமிடம்: நடுவும் வெந்திருக்கிறது, துணியில் கொஞ்சம் ஒட்டல். 15 நிமிடம்: ஒட்டவில்லை, ஆனால் மேலே தோல் கட்டி வறண்டது. ஐந்தாவது 8 நிமிட ஈடு, முதல் 8 மாதிரியே. மதுரையில் நாங்கள் 10 நிமிடத்தில் இறக்குவோம். பெங்களூர் கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் தண்ணீர் இங்கே 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். அந்த மூன்று டிகிரிதான் முழுக் காரணம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் அம்மாவின் பத்து நிமிடத்தை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது என்பது உறுதி.

12 நிமிடத்தைப் பிடித்துக்கொண்டு, அடுத்த மாற்றம் ஆறல். ஒரே ஈட்டிலிருந்து இரண்டு இட்லியை உடனே எடுத்தேன், இரண்டை மூன்று நிமிடம் கழித்து, இரண்டை ஆறு நிமிடம் கழித்து. உடனே எடுத்தது துணியில் தோலை விட்டுவிட்டு வந்தது. மூன்று நிமிடத்தில் எடுத்தது வழுக்கிக்கொண்டு விழுந்தது. ஆறு நிமிடமும் அப்படித்தான், சூடுதான் போய்விட்டது.

ஆக ஒட்டலின் பெரும்பகுதி அவலும் இல்லை, வெந்தயமும் இல்லை. நான் பசியில் அவசரப்பட்டு எடுத்ததுதான். அரைப்பைத் தொடாமலே அது தீர்ந்தது. 12 நிமிடமும் 3 நிமிடமும் வைத்த பிறகும் ஒட்டினால் மட்டும் கீழே, சப்பை இட்லிக்கான பகுதிக்குப் போங்கள்.

அறிகுறி: காலையில் மாவு பொங்கவே இல்லை

முதலில் பாட்டிலின் சுவரைப் பாருங்கள். மாவின் இப்போதைய மட்டத்துக்கு மேலே மெல்லிய மாவுப் படலம் ஒட்டிக் காய்ந்திருந்தால், மாவு பொங்கி இறங்கிவிட்டது. அது வேறு நோய், கடைசிப் பகுதியைப் பாருங்கள். மேலே கண்ணாடி சுத்தமாக இருந்தால்தான் மாவு உண்மையில் பொங்கவில்லை. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு, புளித்து விழுந்த மாவை "பொங்கலையே" என்று இன்னும் நாலு மணி நேரம் வெயிலில் வைத்தவர்களை எனக்குத் தெரியும்.

மாவைப் பொங்க வைப்பது என்ன என்பது 1965-லேயே ஆய்வகத்தில் தெரிந்துவிட்டது: லியூகோனாஸ்டாக் மெசென்டெராய்டஸ் என்ற பாக்டீரியா. அரிசியிலும் உளுந்திலும் ஏற்கெனவே ஒட்டிக்கொண்டிருப்பது. அது சர்க்கரையைத் தின்று அமிலத்தையும் கார்பன் டை ஆக்சைடையும் ஒருசேர விடுகிறது. அமிலம் புளிப்பு, வாயு பொங்கல். உளுந்தின் புரதமும் அதிலுள்ள கொழகொழப்பான பொருளும் அந்தக் குமிழிகளை ஓடிவிடாமல் பிடித்து வைக்கின்றன. அப்படியானால் பொங்காததற்கு இரண்டு வழிதான் உண்டு: வாயு உண்டாகவில்லை, அல்லது உண்டான வாயு நிற்கவில்லை. பொங்காத மாவைக் கரண்டியால் கிளறிப் பாருங்கள். உள்ளே குமிழி நிறைந்து, இட்லி மாவின் புளித்த வாசம் வந்தால் வாயு உண்டாகியிருக்கிறது, பிடிப்புதான் இல்லை. குமிழியும் இல்லை, பச்சை மாவு வாசம்தான் என்றால் இன்னும் வேலையே ஆரம்பிக்கவில்லை. எனக்கு இரண்டாவது.

வேலை ஆரம்பிக்காததற்கு முதலில் சந்தேகப்பட வேண்டியது சூடு. ஒரே பாத்திரத்தில் கரைத்த மாவை ஒரே மாதிரி இரண்டு பாட்டிலில் ஆறு சென்டிமீட்டர் உயரத்துக்கு ஊற்றினேன். ஒன்று சமையல் மேடையில், ஒன்று விளக்கு எரியும் ஓவனுக்குள். இரண்டின் பக்கத்திலும் ஒரு வெப்பமானி. அரிசி, உளுந்து, உப்பு, ஊறல், அரைப்பு எல்லாம் இரண்டுக்கும் ஒன்றே. ஒரே மாவைப் பிரிப்பதில் உள்ள சௌகரியம் இதுதான். நேற்றைய மாவோடு இன்றைய மாவை ஒப்பிட்டால் நேற்று அரை மணி கூட ஊறியிருக்கும், கிரைண்டர் கொஞ்சம் கூடச் சுட்டிருக்கும். அதையெல்லாம் யார் கணக்கு வைப்பது?

ராத்திரி ஒன்பதுக்கு வைத்தது. காலை ஆறு மணிக்கு மேடையில் 22 டிகிரி, மாவு 7 சென்டிமீட்டர். ஓவனில் 30 டிகிரி, மாவு 12 சென்டிமீட்டர். இரண்டிலும் இட்லி ஊற்றியாயிற்று, ஒன்று பஞ்சு, ஒன்று பலகை. இத்தோடு முடித்துக்கொண்டிருப்பேன். மேடைப் பாட்டிலில் மிச்சமிருந்த மாவை அலட்சியமாக அங்கேயே விட்டுவிட்டு ஆபீஸ் வேலையில் உட்கார்ந்துவிட்டேன். மத்தியானம் ஒரு மணிக்குப் பார்த்தால் மிச்ச மாவும் காலையில் இருந்ததைப்போல ஒன்றரை மடங்குக்கு மேல் ஏறி நின்றது. குளிரில் மாவு கெட்டுப்போகவில்லை, மெதுவாக நடந்திருக்கிறது. ஆகவே எனக்கு இரண்டு வழி: சூட்டைக் கூட்டுவது, அல்லது நேரத்தைக் கூட்டுவது. உளுந்தைக் கூட்டுவதும் அவல் போடுவதும் இந்த நோய்க்கு மருந்தே அல்ல.

இங்கே ஒரு எச்சரிக்கை. பாட்டிலில் பார்த்த மணிக்கணக்கைப் பெரிய பாத்திரத்துக்கு அப்படியே எடுத்துப் போகாதீர்கள். இரண்டு கிலோ மாவு கிரைண்டரிலிருந்து கொண்டுவந்த வெதுவெதுப்பை வெகுநேரம் வைத்திருக்கும். கால் கிலோ பாட்டில் அரை மணியில் அறையின் சூட்டுக்கு இறங்கிவிடும். பாட்டிலைப் பாட்டிலோடு ஒப்பிடுங்கள், பாத்திரத்தைப் பாத்திரத்தோடு.

கையால் கரைத்தால்தான் பொங்கும் என்பார்கள். பாக்டீரியா பருப்பிலேயே இருக்கிறது என்று படித்த பிறகு அதையும் பார்த்துவிடலாம் என்று ஒரே மாவில் ஒரு பாட்டிலைக் கரண்டியாலும் ஒன்றைக் கையாலும் கரைத்து ஓவனில் பக்கத்துப் பக்கத்தில் வைத்தேன். காலையில் இரண்டும் ஒரே உயரம். அம்மாவிடம் சொன்னதற்கு, "உன் கை அப்படி" என்றார். அந்த வாதத்தைச் சோதிக்க என்னிடம் வழியில்லை.

அறிகுறி: மாவு பொங்கியது, சரியாக வேகவைத்தேன், இட்லி சப்பை அல்லது கல்

இப்போதுதான் உளுந்து அளவுக்கு வர வேண்டும். சப்பையாகப் பரவி, வாயில் பிசுபிசுவென்று இருந்தால் உளுந்து கூடுதல் அல்லது தண்ணீர் கூடுதல். மேலே வெடித்து, ஆறினதும் கல்லாக இறுகினால் உளுந்து குறைவு அல்லது மாவு கெட்டி. ஒவ்வொரு அறிகுறிக்கும் இரண்டு காரணம் இருப்பதால்தான் இதில் எல்லாரும் மாட்டிக்கொள்கிறார்கள். நானும் மாட்டினேன்.

நல்ல செய்தி, அளவை மாற்றிப் பார்க்க மூன்று முறை அரைக்க வேண்டாம். அரிசியும் உளுந்தும் தனித்தனியேதானே அரைக்கிறோம். கரைக்கும்போதே அளவை மாற்றிவிடலாம். முதல் பக்கத்தில் எழுதிவைத்த எடைகள் இதற்குத்தான். 800 கிராம் அரிசி 1500 கிராம் மாவாயிற்று, ஆகவே 300 கிராம் அரிசி மாவில் உலர்ந்த அரிசி 160 கிராம். 200 கிராம் உளுந்து 800 கிராம் மாவாயிற்று, ஆகவே நாலு கிராம் உளுந்து மாவில் ஒரு கிராம் உளுந்து. மூன்று கிண்ணத்திலும் 300 கிராம் அரிசி மாவு போட்டுக்கொண்டு, உளுந்து மாவு ஒன்றில் 128 கிராம், ஒன்றில் 160, ஒன்றில் 213. அது ஐந்துக்கு ஒன்று, நாலுக்கு ஒன்று, மூன்றுக்கு ஒன்று. கிண்ணத்துக்கு 5 கிராம் உப்பு. மூன்றையும் ஓவனில் ஒரே தட்டில் வைத்தேன்.

காலையில் மூன்றுக்கு ஒன்று இட்லி படுசப்பை. நடுவில் ஈர்க்கைக் குத்தி நகத்தால் அடையாளம் வைத்து ஸ்கேலில் அளந்தால் 21 மில்லிமீட்டர். நாலுக்கு ஒன்று 28. "உளுந்து கூடினால் சப்பை" என்று நோட்டில் எழுதி அடிக்கோடும் போட்டுவிட்டேன்.

அன்று மாலை காபி குடித்துக்கொண்டே அந்தக் கணக்கைத் திரும்பப் பார்த்தபோதுதான் உறைத்தது. உளுந்து மாவில் முக்கால் பங்கு தண்ணீர். உளுந்து மாவைக் கூட்டியபோது நான் உளுந்தை மட்டுமா கூட்டினேன்? மூன்றுக்கு ஒன்று கிண்ணத்தில் உலர்ந்த பொருள் 213 கிராம், தண்ணீர் 300 கிராம். ஐந்துக்கு ஒன்றில் உலர்ந்தது 192, தண்ணீர் 236. முதலில் சொன்னதில் ஒரு பங்கு உலர்ந்த பொருளுக்கு 1.4 பங்கு தண்ணீர், மற்றதில் 1.23 பங்கு. ஒன்றை மாற்றுகிறேன் என்று நினைத்துக்கொண்டு இரண்டை மாற்றியிருக்கிறேன். இட்லி மாவில் எதைத் தொட்டாலும் இன்னொன்று வாலைப் பிடித்துக்கொண்டு வரும். உளுந்தை அதிக நேரம் அரைத்தால் கூடவே அது சூடாகும், கூடவே அதிகத் தண்ணீர் குடிக்கும். மாற்றுவதற்கு முன்னால் இதோடு வேறென்ன மாறும் என்று ஒரு வரி எழுதிக்கொள்வதை அதன் பிறகுதான் வழக்கமாக்கினேன்.

அடுத்த வாரம் அதே மூன்று கிண்ணம், தண்ணீரை மட்டும் சமமாக்கி. மூன்றுக்கு ஒன்றை அப்படியே விட்டேன். நாலுக்கு ஒன்றில் 20 மில்லி, ஐந்துக்கு ஒன்றில் 33 மில்லி தண்ணீர் கூட ஊற்றி மூன்றையும் 1.4 பங்குக்குக் கொண்டுவந்தேன். இந்தத் தடவை மூன்றுக்கு ஒன்று 21, நாலுக்கு ஒன்று 24, ஐந்துக்கு ஒன்று 23. போன வாரம் மூன்றுக்கும் நாலுக்கும் நடுவில் இருந்த ஏழு மில்லிமீட்டரில் உளுந்தின் பங்கு மூன்றுதான். மீதி நாலும் தண்ணீர் செய்தது. நாலுக்கு ஒன்றை அதன் பழைய கெட்டியிலேயே, அதாவது 1.3 பங்கிலேயே வைத்துக்கொள்வது என்று முடிவாயிற்று.

உயரம் மட்டும் போதாது, தின்று பார்க்க வேண்டும். எது எது என்று தெரிந்தால் நாக்கு பொய் சொல்லும். குழியில் மாவு ஊற்றும் முன் அடியில் கடுகு போட்டேன், ஐந்துக்கு ஒன்றுக்கு ஒரு கடுகு, நாலுக்கு இரண்டு, மூன்றுக்கு மூன்று. வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை. என் மனைவியும், அந்த வாரம் வந்திருந்த மாமியாரும் இரண்டு கடுகைச் சொன்னார்கள். பையன் மூன்று கடுகு இட்லியை எடுத்துக்கொண்டு "இதுதான் மெத்துனு இருக்கு" என்றான். நான் தேர்ந்தெடுத்ததும் மூன்று கடுகுதான், ஆனால் எனக்கு ரகசியம் தெரியும் என்பதால் என் ஓட்டு செல்லாது. மாமியார் சாப்பிட்டு முடித்து, "மாப்பிள, இட்லி நல்லாத்தான் இருக்கு, கடுகு எதுக்கு?" என்று கேட்டார்.

அளவும் தண்ணீரும் சரி, ஆனாலும் கல்லாக வருகிறது என்றால் உளுந்தையே மாற்றிப் பாருங்கள், அதை மட்டும். பழைய உளுந்து காணாது. புதிய பாக்கெட்டில் 200 கிராம் எனக்கு 800 கிராம் மாவு கொடுத்தது. மழைக்கு முன் வாங்கி டப்பாவின் அடியில் கிடந்ததை அதே பதத்துக்கு அரைத்தபோது 650 கிராமைத் தாண்டவில்லை. கொஞ்சம் மாவைத் தண்ணீரில் போட்டால் புதியது மிதந்தது, பழையது மெதுவாக இறங்கியது. அரைத்த மாவின் எடையை ஒவ்வொரு தடவையும் எழுதி வந்தால் உளுந்து எப்போது கிழடு தட்டுகிறது என்று இட்லி கெடும் முன்பே தெரிந்துவிடும்.

அறிகுறி: அதிகப் புளிப்பு, மாவு மேலே ஏறி இறங்கிய தடம்

மே மாதத்தில் இது. குளிர்காலத்து வெற்றியை அப்படியே செய்தேன், ஓவன் விளக்கு மட்டும் பழக்கதோஷத்தில் எரிந்துகொண்டிருந்தது. காலையில் பாட்டில் சுவரில் 13 சென்டிமீட்டர் வரை படலம், மாவு 9-இல் கிடந்தது. வாயில் வைத்தால் மோர்.

இங்கே மாற்ற வேண்டியது மணிக்கணக்கு ஒன்றுதான் என்று தோன்றும். ஆனால் விளக்கு எரிந்ததும் உண்டு, சமையலறை இரவில் 28 டிகிரி இருந்ததும் உண்டு. முதலில் விளக்கை அணைத்து, மற்றதை அப்படியே வைத்து ஒரு ராத்திரி பார்த்தேன். காலை ஆறுக்கு மாவு 12-இல் நின்றது, தடம் இல்லை. சரியாகிவிட்டது என்று விட்டிருக்கலாம். ஆனால் ஒரு தடவை வந்தது தற்செயலாகவும் இருக்கலாம் என்பதால் எதையும் மாற்றாமல் அடுத்த வாரம் அதையே மறுபடி செய்தேன். இந்தத் தடவை 11, அதற்கு மேலே அரை சென்டிமீட்டர் படலம். லேசான புளிப்பு. அன்று ராத்திரி 30 டிகிரி என்று வெப்பமானி சொன்னது.

அதற்குப் பிறகு விளக்கு அணைந்தே இருக்கிறது, கரைத்து வைக்கும் நேரம் மட்டும் ஒன்பதிலிருந்து பதினொன்றுக்கு நகர்ந்தது. 28 டிகிரிக்கும் 30 டிகிரிக்கும் ஏழு மணி நேரம் போதுமாக இருந்தது. அதற்கு மேல் தூங்கிவிடுவோம் என்று தெரிந்தால் கரைத்த மாவை முதல் ஒரு மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு வெளியே எடுத்து வைக்கலாம் என்று தோன்றியது. அதை ஒரே ஒரு தடவைதான் செய்து பார்த்திருக்கிறேன், நோட்டில் அந்த வரிக்குப் பக்கத்தில் இன்னும் கேள்விக்குறி இருக்கிறது.